நட்பாகச் செய்தாரா, வேறு எண்ணத்திலா? நண்பரிடம் சங்கடமில்லாமல் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடப் படிச்ச நண்பன் பத்தமடைல சொல்லிவச்சு, என் பேரை நெய்த பாய் ஒண்ணு பிறந்தநாளுக்குக் குடுத்தான். வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்காவ. எந்த நெனப்புல குடுத்தான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பாயை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டார் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது புரிகிறது. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பத்தமடைப் பட்டுப்பாய் கல்யாணச் சீரோடு சேர்ந்தது. மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் முகூர்த்தத் தேதியும் நெய்து வாங்குவது வழக்கம். அதனால் பாயில் பெயரைக் கண்டதும் பெரியவர்கள் மனம் நேரே மணவறைக்குப் போய்விடுகிறது. ஆனால் உங்களுக்கு வந்ததில் இருப்பது ஒற்றைப் பெயர். ஊர்ப்பெருமையாக ஒரு நல்ல பொருளைத் தோழிக்குக் கொடுக்க நினைத்தவனும் அதைத்தான் செய்வான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு, இப்போதைக்கு ஒரு பெயர் போதும் என்று நினைத்தவனும் அதைத்தான் செய்வான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. வேறு நண்பர்களுக்கும் இதே அளவு மெனக்கெட்டிருக்கிறானா? எல்லார் முன்னாலும் கொடுத்தானா, தனியாகவா? கொடுத்த பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காக நின்றானா? இவற்றை வைத்துக் கேட்பது பொருத்தமா என்று முடிவு செய்யலாம். பதிலையே முடிவு செய்துவிடக் கூடாது. 1982-இல் அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா அபி ஒரு சோதனை செய்தார். ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசுவதை இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து பார்த்தார்கள். ஒரே பேச்சுதான், ஆனாலும் பார்த்த ஆண்கள் அந்தப் பெண்ணின் சாதாரணச் சிநேகத்தில் மயக்கும் எண்ணம் இருப்பதாகப் பெண்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். கூர்ந்து கவனித்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பார்க்கப்படுவது மாறிவிடுகிறது. உங்கள் வீட்டார் பார்வையும் அப்படித்தான், உங்கள் பார்வையும் அப்படித்தான்.

கேக்காமலே விட்டுட்டா என்ன?

பல நேரம் அதுவே சரி. ஒருவர் அன்பாக ஒன்றைச் செய்தார், உங்களுக்கும் மகிழ்ச்சி, மேற்கொண்டு எதுவும் மாறவில்லை என்றால் அதைக் கிளற வேண்டியதில்லை.

உங்கள் நடத்தை மாறத் தொடங்கினால்தான் கேட்க வேண்டும். முன்பெல்லாம் அவன் செய்தி வந்த உடனே பதில் போடுவீர்கள், இப்போது எழுதி எழுதி அழிக்கிறீர்கள். குற்றாலத்துக்குக் கூட்டமாகப் போகும்போது, அவன் வருகிறானா என்று தெரிந்துகொண்டுதான் வருகிறேன் என்கிறீர்கள். அவனுக்கும் இது தெரியும், காரணம் மட்டும் தெரியாது. அந்த நிலையில் கேட்காமல் இருப்பதும் நட்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும்.

சரி, கேக்கேன். என்ன வார்த்தைல கேக்கணும்?

முதலில் ஒரு சோதனை. அவன் ‘ஆமா’ என்றால் நீங்கள் சொல்லப்போகும் அடுத்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ‘இல்ல’ என்றால் சொல்லப்போவதையும் எழுதுங்கள். இரண்டையும் உங்கள் வாயால் நிதானமாகச் சொல்ல முடிகிறதா? ஒன்றைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது என்றால் நீங்கள் இன்னும் கேட்கத் தயாரில்லை. உங்களுக்கு ஒரே பதில்தான் வேண்டும், அதை அவன் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறீர்கள். எந்த வார்த்தையில் கேட்டாலும் அது அவனுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டையும் சொல்ல முடிந்தால், இந்த மாதிரி கேட்கலாம்:

“ஏப்பா, ஒண்ணு கேக்கணும். நீ குடுத்த பாயி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எம்பேர அதுல பாத்ததுலருந்து எனக்கு ஒண்ணு புரிபடல. அத ஃப்ரெண்டா நெனச்சுக் குடுத்தியா, இல்ல அதுக்கு மேல ஏதும் நெனச்சுக் குடுத்தியா? எதுன்னாலும் எனக்குச் சங்கடமில்ல. இப்பவே சொல்லணும்னும் இல்ல.”

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது.

பாய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொல்வது நன்றிக்காக மட்டுமில்லை. அதைச் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால், தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவன் நினைப்பான். தப்பு செய்தவன் போல உணர்கிறவன் உண்மையைச் சொல்ல மாட்டான், தப்பிக்கத்தான் பார்ப்பான். “சும்மாதாம்ப்பா குடுத்தேன்” என்று சொல்லிவிடுவான். அது பதில் போலக் கேட்கும், ஆனால் பதிலாக இருக்காது.

அடுத்து, “எனக்குப் புரிபடல”. குழப்பம் உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். “நீ ஏன் இப்படிச் செஞ்ச?” என்றால் குழப்பம் அவனுடைய செயலில் இருப்பதாக ஆகிவிடும். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை அவன் தலையில் விழும்.

கேள்வி பாயைப் பற்றியது மட்டும். “நீ என்னய லவ் பண்ணுதியா?” என்று கேட்டால் அவனுடைய மொத்த மனதையும் அந்த நிமிடமே அளந்து சொல்லச் சொல்கிறீர்கள். அது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு செயலைப் பற்றிக் கேட்டால் பதிலும் சிறியதாக, சொல்லக்கூடியதாக இருக்கும். “அப்ப லேசா அப்படித் தோணிச்சு, இப்ப இல்ல” என்று கூட அவனால் சொல்ல முடியும். பெரிய கேள்வியில் அந்த மாதிரிப் பதிலுக்கு இடமே கிடையாது.

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது கேள்வி முடியும் இடம். “ஃப்ரெண்டாத்தான குடுத்த?” என்றால் அவன் ஆமா என்பான். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லேல்ல?” என்றால் ஒண்ணுமில்ல என்பான். ‘தான’ வந்தாலும் ‘இல்லேல்ல’ வந்தாலும், கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதை மறுத்துச் சொல்ல அவனுக்குத் தனித் தைரியம் வேண்டும். “குடுத்தியா, இல்ல ... குடுத்தியா?” என்று இரண்டையும் ஒரே எடையில் வைக்கும்போது, எதைத் தேர்ந்தாலும் அவன் உங்களை மறுத்துப் பேசியதாக ஆகாது. குரலிலும் எடை ஏறக் கூடாது. இரண்டாவது பாதியில் சிரிப்பு சேர்ந்தால் அது கேலி, குரல் தாழ்ந்தால் அது விண்ணப்பம். இரண்டு பாதியையும் ஒரே மாதிரி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொல்லிப் பழகுங்கள்.

“அதுக்கு மேல” என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். காதல், லவ் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் ஒப்புக்கொள்ள வேண்டியது பெரிதாகிவிடும். “அதுக்கு மேல” என்பதற்கு ஆமா சொல்பவர் எவ்வளவு மேல் என்பதைத் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வாக்கியம் மூன்றாவது வழி. ஆமா, இல்ல என்ற இரண்டோடு ‘பிறகு சொல்கிறேன்’ என்பதும் மரியாதையான பதில் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறீர்கள். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போகத் தயாராக இருங்கள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் “இப்பவே சொல்லணும்னு இல்ல” என்று சொன்னது பொய்யாகிவிடும்.

நேரா கேக்கதுக்குப் பதிலா ஜாடையா கேட்டா நல்லதில்லையா? நம்ம ஊர்ல அப்படித்தான பேசுவாவ.

ஜாடைப் பேச்சுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கோவைப் பக்கத்துக் கிராமத் தமிழரின் பேச்சை ஆராய்ந்த ஸ்டீபன் லெவின்சன், பெனலோப்பி பிரௌனுடன் சேர்ந்து 1978-இல் எழுதிய ஆய்வில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஜாடையாகச் சொன்னவர் நான் அப்படிச் சொல்லவில்லை எனலாம், கேட்டவர் எனக்குப் புரியவில்லை எனலாம். இருவருடைய முகமும் தப்பும்.

ஆனால் இங்கே உங்களுக்கு வந்த சிக்கலே அவனுடைய செயல் ஜாடையா இல்லையா என்று தெரியாததுதான். அதற்கு இன்னொரு ஜாடையால் பதில் தேடினால் இரண்டு புதிர் ஆகும். “எங்க அம்மா அந்தப் பாய பாத்துட்டு யாரு மாப்பிள்ளன்னு கேட்டா” என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பீர்கள். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி முழுக்க யோசிப்பீர்கள். அவனோ, இவள் ஏன் இதைச் சொன்னாள் என்று யோசிப்பான்.

ஜாடையில் இருக்கும் நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நேராகக் கேட்டுவிட்டு, தப்பிக்கும் வழியையும் நேராகவே காட்டிவிடுவது. மேலே சொன்ன கேள்வியின் கடைசி இரண்டு வாக்கியங்கள் அதைத்தான் செய்கின்றன.

நான் அவரை ‘அண்ணே’ன்னுதான் கூப்பிடுதேன். கேக்கும்போது எப்படிக் கூப்பிட?

எந்த முறையும் சொல்லாமல் கேளுங்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஒரு வருஷம் மூத்தவர் என்றாலே அண்ணன்தான். பாதி நேரம் அது வெறும் பழக்கம், பாதி நேரம் பெண்பிள்ளைகள் தங்களுக்குக் கட்டிக்கொள்ளும் வேலி. எதுவாக இருந்தாலும், “அண்ணே, இது ஃப்ரெண்டா குடுத்ததா, அதுக்கு மேலயா?” என்று கேட்டால் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அண்ணன் என்று கூப்பிட்டவளிடம் ‘அதுக்கு மேல’ என்று எந்த மனிதரும் சொல்ல மாட்டார். மாறாக, அதுவரை சொல்லி வந்த அண்ணனை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டுப் பேரைச் சொன்னால் அது அதைவிடப் பெரிய அறிவிப்பு.

தமிழில் இதற்கு வசதி இருக்கிறது. “ஒண்ணு கேக்கணும், நேரம் இருக்கா?” என்று விளிக்காமலே பேச்சை ஆரம்பிக்கலாம். நீங்க, வாங்க என்பது வழக்கம் என்றால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மக்கா, ஏப்பா என்று ஏற்கெனவே பேசிக்கொள்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நண்பரே முறைக்காரராகவும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அத்தான், மதினி என்று கிண்டல் பண்ணுவது நம் குடும்பங்களில் சாதாரணம். அங்கே நீங்கள் கேட்பதும் கிண்டலாகவே எடுக்கப்படலாம். “இத முறைக்குக் கிண்டலா கேக்கல, நெசமாவே கேக்கேன்” என்று ஒரு வரி சேருங்கள். கூடவே, “இது நம்ம ரெண்டு பேரோட நிக்கும், வீட்டுக்குப் போவாது” என்பதும் வேண்டும். முறை உள்ள இடத்தில் ஒரு ‘ஆமா’ மறுநாளே தாம்பூலத் தட்டில் வந்து நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பயம் இருக்கும் வரை உண்மை வராது.

எனக்கு அவன் மேல விருப்பம் இருக்கு. அத வெளிய காட்டாம இந்தக் கேள்விய கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் ஆபத்து உங்களுக்குத்தான். அவன் “ஃப்ரெண்டாத்தான்” என்று சொன்ன நொடியில் உங்கள் முகம் மாறினால், “சங்கடமில்ல” என்று நீங்கள் சொன்னது உடைந்துவிடும். அதற்குமேல் அவன் உங்களைத் தேற்ற வேண்டியவனாகிறான். அந்தப் பாரம் அவனுக்குச் சேர வேண்டியதில்லை.

விருப்பம் பலமாக இருந்தால் கேள்வியை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தைச் சொல்வதே நேர்மையானது: “எனக்கு உன்ன பிடிச்சிருக்கு, ஃப்ரெண்டுக்கு மேல. உனக்கு அப்படி இல்லன்னா பரவால்ல, நாம இருக்கபடி இருப்போம்.” இது கேள்வியைவிடக் கஷ்டம்தான். ஆனால் முதலில் துணிந்து சொல்கிறவர் நீங்களாக இருப்பீர்கள். பாயை நெய்து கொடுத்து அவன் ஒரு அடி எடுத்து வைத்திருக்கலாம், அடுத்த அடியையும் அவனே வைக்கட்டும் என்று கேள்வியாகத் தள்ளிவிடுவதைவிட இது நியாயம்.

விருப்பம் லேசாக, இன்னும் உறுதியில்லாமல் இருந்தால் மேலே சொன்ன கேள்வி போதும்.

எனக்குச் சுத்தமா விருப்பம் இல்ல. அவன் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்.

அப்படியானால் கேட்காதீர்கள். இந்தப் பக்கத்திலேயே மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான். மனதைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறந்ததும் “எனக்கு அப்படி இல்ல” என்றால் அவன் வீணாகக் கூசிப்போவான். அவன் வாயால் சொல்லாத ஒன்றைச் சொல்ல வைத்துத்தான் மறுக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

அதற்குப் பதில், அவன் என்ன நினைத்தான் என்பதற்குள் போகாமல் உங்கள் எல்லையை மட்டும் சொல்லுங்கள்: “பாயி ரொம்ப நல்லாருக்கு. ஆனா பேரு போட்டதுனால வீட்ல கல்யாணப் பேச்சா எடுத்துக்கிடுதாவ. எனக்கு நீ நல்ல ஃப்ரெண்டு, அப்படியே இருக்கணும். அடுத்த தடவ இந்த மாதிரி வேண்டாம், என்ன?” அவனுக்கு வேறு எண்ணம் இருந்திருந்தால் அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது, யாருக்கும் தெரியாமல். இல்லாதிருந்தால் “அய்யோ, சரி” என்று போய்விடுவான்.

பாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பெயர் நெய்ததை அவன் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. வைத்துக்கொண்டு, விரித்துப் புழங்குங்கள். அவன் மறுபடி மறுபடி விலையுயர்ந்த பொருளாகக் கொடுத்தால் மட்டும் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எங்க வச்சு, எப்ப கேக்கணும்?

இருவரும் எந்த நேரமும் தனித்தனியே கிளம்பக்கூடிய இடத்தில். ஓடும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கேட்காதீர்கள், அவனால் இறங்கிப் போக முடியாது. பாபநாசம், மணிமுத்தாறு என்று கூட்டமாக வேன் பிடித்துப் போன இடத்திலும் வேண்டாம். பதில் ஒத்துவராவிட்டால் மீதி நாள் முழுக்க அதே வேனில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் கேட்டால் அவனுக்குப் பாதி காதில் விழாது, பக்கத்தில் நிற்கும் தெரிந்தவருக்கு முழுதும் விழும்.

நடந்துகொண்டே கேட்பது நல்லது. வகுப்போ வேலையோ முடிந்து பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடக்கும் வழக்கம் இருந்தால் அதுவே போதும். இருவர் கண்ணும் பாதையில் இருக்கும், முகம் பார்க்க வேண்டியதில்லை, மௌனமும் உறுத்தாது. பஸ் ஏற இன்னும் ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது ஆரம்பியுங்கள். பேச விரும்பினால் ஒரு பஸ்ஸை விடலாம், விரும்பாவிட்டால் ஏறிவிடலாம். ஏறப்போகும் கடைசி நொடியில் மட்டும் கேட்காதீர்கள். அது குண்டைப் போட்டுவிட்டு ஓடுவது.

பரீட்சை, வேலைக்கான நேர்காணல், வீட்டில் துக்கம் என்றிருக்கும் வாரத்தைத் தவிருங்கள். அதைத் தவிர நல்ல நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது.

நேர்ல முடியாது, அவள் சென்னைல இருக்கா. வாட்ஸ்அப்ல கேக்கலாமா?

தொலைவில் இருப்பவரிடம் வேறு வழியில்லை. எழுத்தில் ஒரு நன்மை உண்டு, அவளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஆனால் பார்த்துவிட்டதாகக் காட்டும் நீலக் குறி அந்த நேரத்தை அவளிடமிருந்து பறித்துவிடும். அதனால் “மெதுவா பாத்துட்டு, தோணும்போது சொல்லு. இல்ல அடுத்து பேசும்போது சொல்லு” என்பதைக் கேள்விக்கு முன்னாலேயே எழுதுங்கள், பின்னால் அல்ல. இரவு பதினொரு மணிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய பின் “என்ன சத்தத்தக் காணும்?” என்று இரண்டாவது செய்தி போடாதீர்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். பல வீடுகளில் பெண்பிள்ளையின் போனை அண்ணனோ அம்மாவோ எடுத்துப் பார்ப்பார்கள். சாதி மாறிய காதல் என்ற பேச்சே உயிரை எடுத்த சம்பவங்கள் இந்த மாவட்டத்தில் நடந்திருக்கின்றன. நீங்கள் எழுதும் ஒரு வரி, அவள் பதிலே போடாவிட்டாலும், அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படலாம். அந்த அபாயம் கொஞ்சமாவது இருந்தால் எழுத்தில் கேட்காதீர்கள். தானே மறையும்படி செய்தியை அமைத்தாலும் அதற்குள் யாரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். “நேரம் கெடைக்கும்போது கூப்பிடு, அவசரமில்ல” என்று மட்டும் அனுப்பி, அவளே தனக்கு வசதியான இடத்திலிருந்து அழைக்கும்போது குரலில் கேளுங்கள்.

ரெண்டு பேருக்கும் பொதுவான தோழிகிட்டச் சொல்லி விசாரிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். மூன்றாமவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கேள்வியின் எடையை மாற்றித்தான் கொண்டுபோவார். அவனும் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், அந்தத் தோழிக்கு எது பொருத்தமோ அதைச் சொல்வான். பிறகு அவன் ‘இல்ல’ என்று சொன்னது மூன்று பேருக்குத் தெரிந்த சங்கதியாகிவிடும்.

பொண்ணும் பொண்ணுமா நண்பர்கள். என் தோழி செஞ்ச ஒண்ண இப்படிக் கேக்கலாமா?

அதே வார்த்தைகளில் கேட்கலாம். ஆனால் இரண்டு காரணத்தால் கூடுதல் மென்மை தேவை. நம் ஊரில் தோழிகள் கைகோத்து நடப்பதும், ஒரே பாயில் படுப்பதும், தலைவாரிப் பூ வைத்துவிடுவதும் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண அன்பு. அதனால் செயல்களை வைத்து ஊகிப்பது இங்கே இன்னும் கடினம். இரண்டாவது, ‘அதுக்கு மேல’ என்று அவள் சொன்னால் உங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, தன்னைப் பற்றி வீட்டுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது, ஆனால் வீடுகள் அவ்வளவு வேகமாக மாறவில்லை. “நீ என்ன சொன்னாலும் எங்கிட்டருந்து வெளிய போவாது” என்பதைக் கேள்விக்கு முன் சொல்லுங்கள். அவளுக்குப் பெயர் சூட்டும் எந்தச் சொல்லையும் கேள்வியில் போடாதீர்கள். எழுத்தில் கேட்கவே வேண்டாம்.

கேட்டாச்சு. சிரிச்சுட்டு, “நீ வேற”ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அது ஆமாவா, இல்லயா?

இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவனாக மாற்றிச் சொல்லும் வரை.

பேச்சில் ஒரு பொதுவான போக்கு உண்டு. கேட்டவருக்குப் பிடித்த பதில் சட்டென்று, சுருக்கமாக வரும். பிடிக்காத பதில் தாமதித்து வரும், முன்னால் “அது வந்து...”, “அப்படின்னு இல்ல...” என்று இழுக்கும், பின்னால் காரணம் ஒட்டிக்கொண்டு வரும். “பத்தமடைல எங்க மாமாக்குத் தெரிஞ்சவிய இருக்காவ, அதான் சும்மா சொல்லிவச்சேன்” என்று நீளமாக விளக்கினால், அவன் உங்களை நோகாமல் மறுக்கிறான். விளக்கத்தில் ஓட்டை தேடாதீர்கள். கூச்சத்தால் ஆமாவை மறைக்கிறவனும் இப்படி இழுப்பான் என்பது உண்மைதான். ஆனால் அவனுக்கு நீங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், எப்போது வேண்டுமானாலும் வரலாம். நீங்கள் செய்ய வேண்டியது “சரிப்பா, தெளிவாயிருச்சு” என்று சொல்லிவிட்டு, அதே வாரத்தில் வழக்கமாகச் செய்யும் ஏதாவது ஒன்றை அவனோடு வழக்கம்போலச் செய்வது. நோட்ஸ் கேட்பதோ, டீ குடிக்கப் போவதோ. “எதுன்னாலும் சங்கடமில்ல” என்று சொன்னது நிஜம் என்பதை அவன் அங்கேதான் நம்புவான்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றால் கெடு வைக்காதீர்கள். அவன் திரும்பப் பேச்சை எடுக்கும் வரை காத்திருங்கள். எடுக்கவே இல்லை என்றால் அதுவும் பதில்தான்.

ஒரு தடவ ‘இல்ல’ன்னு சொல்லிட்டா. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கேக்கலாமா?

கூடாது. சங்கடமில்லாத கேள்வி என்பது ஒருமுறை கேட்கப்படும் கேள்விதான். இரண்டாவது முறை கேட்டால், முதல் பதில் உங்களுக்குப் போதவில்லை என்று சொல்கிறீர்கள். அப்போது “எதுன்னாலும்” என்று சொன்னது பொய்யாகிறது, அவளும் உங்களோடு தனியாக நிற்பதைத் தவிர்க்கத் தொடங்குவாள்.

ஆண்பிள்ளைகள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் பின்தொடர்வதும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரையும், மறுபடி செய்தால் 5 ஆண்டு வரையும் சிறை. நண்பன்தானே, அன்பாகத்தானே கேட்டேன் என்பது அங்கே எடுபடாது.

அவள் மனம் மாறினால் அவளே சொல்வாள். மாறியிருக்கிறதா என்று பார்க்கப் புதிதாகப் பரிசு வாங்கிக் கொடுப்பதும் மறுபடி கேட்பதுதான், வாய் திறக்கவில்லை என்பதைத் தவிர வித்தியாசமில்லை.